தட்டல் வரிசையிலிருந்து ஒற்றைப் பொதிக்கு: மறைந்திருக்கும் சேவையகத்தின் வரலாறு

2002 ஜூன் மாதம், ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் கடுமையான பிழை ஒன்று வெளிப்பட்டது. பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டம் முடிவதற்கு முன்னரே அதைத் தாக்க இயலும் என்பதே அதன் ஆபத்து. கடவுச்சொல் எவ்வளவு வலிமையானதாயினும், அது கேட்கப்படுவதற்கு முன்பே நிகழும் தாக்குதலை அதனால் தடுக்க முடியாது. எனவே, நிர்வாகிகள் முன் ஒரு கேள்வி நின்றது: அறிமுகமற்றவர் கண்ணில் இந்தச் சேவை படவே வேண்டுமா?

கண்ணில் படுவது எவ்வாறு என்பதை முதலில் காண வேண்டும். ஒரு முகவரியிலுள்ள போர்ட்டுக்கு டிசிபி இணைப்புக் கோரிக்கை அனுப்பினால் மூன்றில் ஒன்று நிகழும். திறந்த போர்ட் ஒப்புதல் தரும். மூடிய போர்ட் மறுப்பு அனுப்பும். தீயரண் பொதியைக் கைவிட்டால் எந்த மறுமொழியும் வராது. மறுப்பும் ஒரு செய்திதான்; அங்கே ஒரு கணினி இருப்பதை அது காட்டிவிடுகிறது. மௌனம் மட்டுமே எதையும் சொல்வதில்லை. ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் துழாவ முடியும் என்பதை 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இசட்மேப் கருவி மெய்ப்பித்தது. அதன்பின் ‘என் முகவரி யாருக்குத் தெரியும்’ என்ற ஆறுதலுக்கு இடமில்லாமல் போயிற்று.

மௌனமாக இருந்துகொண்டே உரியவருக்கு மட்டும் வழிவிடும் உத்தி, முரண்நகையாக, ஊடுருவுவோரின் கருவியை ஒத்த ஒன்றில் முன்னரே இருந்தது. 2000ஆம் ஆண்டு ஃபெனோஎலிட் குழுவைச் சேர்ந்த எஃப்எக்ஸ் வெளியிட்ட `cd00r.c` என்ற சிறுநிரல் எந்தப் போர்ட்டையும் திறந்துவைக்காது. வந்துசேரும் பொதிகளைக் கவனித்துக்கொண்டிருந்து, குறித்த வரிசையில் கோரிக்கைகள் வந்தால் மட்டும் பின்கதவைத் திறக்கும். 2003இல் வான்கூவரின் மரபணு அறிவியல் மையத்தில் பணியாற்றிய மார்ட்டின் கிர்ஸிவின்ஸ்கி, இதையொத்த முறையைப் பாதுகாப்பு உத்தியாக விளக்கி, ‘போர்ட் நாக்கிங்’ என்ற பெயரைப் பரவலாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு. சேவையகத்தின் எல்லாப் போர்ட்டுகளும் மௌனம் காக்கின்றன. பயனர் 7000, 8000, 9000 என்ற போர்ட்டுகளை அதே வரிசையில் தட்டுகிறார். எந்த மறுமொழியும் வராது. எனினும் தீயரணின் பதிவைக் கவனிக்கும் நிரல் வரிசையை அடையாளம் கண்டு, அந்த முகவரிக்கு மட்டும் போர்ட் 22ஐத் திறந்துவிடுகிறது.

இந்த எளிமைக்குள்ளேயே குறை இருந்தது. இடைவழியில் கவனிப்பவர் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு பின்னர் அவரே தட்டலாம். பொதிகள் வரிசை மாறி வந்தால் தட்டல் தோற்கும். பயனரின் முகவரியைப் போலியாக இட்டு நடுவே ஒரு பொதியைச் செருகினாலும் வரிசை குலையும். மறையாக்கம் செய்து காக்கலாமே எனில் அங்கும் ஓர் இடர்ப்பாடு: போர்ட் எண் 16 பிட்டுகளையே சுமக்கும். 128 பிட் கொண்ட ஒரு மறையாக்கத் தொகுதியை அனுப்பவே எட்டுத் தட்டல்கள் தேவை. அந்நிலையில் அது போர்ட் துழாவலைப் போலவே தோன்றி, ஊடுருவல் கண்காணிப்புக் கருவிகளின் எச்சரிக்கையை எழுப்பும்.

செய்தியைப் பொதியின் தலைப்பில் அல்லாமல் உள்ளடக்கத்தில் வைத்தால் இவ்விடர்கள் பெரும்பாலும் நீங்கும். 2005இல் மைக்கேல் ராஷ் தமது `fwknop` கருவியில் சேர்த்த ஒற்றைப் பொதி அனுமதி முறை இந்தத் தெளிவின் விளைவே. பயனர் இவ்வாறு கோருகிறார்:

```
fwknop -A tcp/22 -a 203.0.113.7 -D 198.51.100.20
```

ஒரே ஒரு யுடிபி பொதி, வழக்கமாக 62201ஆம் போர்ட்டை நோக்கிச் செல்கிறது. அதற்குள் தற்செயல் எண், நேரக்குறி, அனுமதி கோரும் முகவரி, வேண்டிய போர்ட் ஆகியவை மறையாக்கம் பெற்றுள்ளன. சேவையகம் அந்தப் போர்ட்டையும் திறந்துவைப்பதில்லை. கடந்து செல்லும் பொதியை ஒட்டுக்கேட்டுப் படிக்கிறது. ஏற்ற பொதிகளின் சுருக்கக் குறிகளைச் சேமித்து வைப்பதால், பிடித்துவைத்த பொதியை மீண்டும் அனுப்பினால் பயனில்லை. அனுமதி 30 நொடிகளில் முடிகிறது. ஆனால் அதற்குள் நிலைபெற்ற இணைப்பு அறுபடாமல் தொடர்கிறது.

மௌனத்திற்கும் ஒரு விலை உண்டு. பயனரின் கடிகாரம் இரண்டு நிமிடங்களுக்கு மேல் பிசகியிருந்தால் நேரக்குறி பொருந்தாமல் பொதி நிராகரிக்கப்படும். அதைச் சேவையகம் தெரிவிப்பதில்லை. தவறான சாவியும் பிசகிய கடிகாரமும் பயனருக்கு ஒன்றுபோலவே தோன்றும். சேவையகத்தின் பதிவேட்டைப் பார்த்தே வேறுபாட்டை அறிய இயலும். மேலும், ஒரே பொது முகவரியைப் பகிரும் விடுதி அல்லது வளாக வலையமைப்பில், திறந்திருக்கும் அந்த 30 நொடிகள் அங்குள்ள அனைவருக்கும் திறந்தவையே.

இது வெறும் ஒளித்துவைத்தலே என்ற விமர்சனம் தட்டல் வரிசைக்குப் பெரிதும் பொருந்தும். ஒற்றைப் பொதி முறையிலோ நிரலும் வடிவமும் அனைவரும் அறிந்தவை. சாவி மட்டுமே இரகசியம். ஆயினும் அது பின்னாலுள்ள பிழையைத் திருத்துவதில்லை. 2024இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் மீண்டும் ஓர் அடையாளச் சரிபார்ப்புக்கு முந்தைய பிழை வெளிப்பட்டபோது, போர்ட் மறைந்திருந்த சேவையகங்களுக்கும் திருத்தம் தேவைப்பட்டது. திருத்தம் வந்துசேரும் வரை அந்தப் பிழையை எவர் அணுக முடியும் என்பதில்தான் அவை வேறுபட்டன.