தாலியும் எழுத்தும்

யாழ்ப்பாணத்தில் "எழுத்து முடிந்துவிட்டதா?" என்று ஒருவர் கேட்டால், அவர் பள்ளிக்கூடத்துப் பாடத்தைக் கேட்கவில்லை. கலியாண எழுத்தையே, அதாவது விவாகப் பதிவையே, கேட்கிறார். தாலி கட்டுதல் வேறு, எழுத்து வேறு என்ற இந்த வழக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியிலே விவாகத்துக்குச் சான்று பள்ளித்தோம்பு ஆகும். ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைப் பாடசாலைகளோடு சேர்ந்த அந்த ஏடுகளில் எழுதிவைத்தார்கள். தோம்பிலே பெயர் ஏறாதவரின் பிள்ளைகளுக்கு முதுசொம் கோருவது அரிதாயிற்று. ஆகவே வீட்டிலே சைவ முறையாக வாழ்ந்தவர்கள்கூடக் கோவிற்பற்றுத் தேவாலயத்துக்குச் சென்று பெயர் எழுதுவித்தார்கள். அது சமயப் பற்றினால் அன்று, காணியின் பொருட்டே என்பது என் எண்ணம்.

பின்னர் பிரித்தானியர் காலத்துச் சட்டங்களில் முக்கியமானது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். தேவாலயத்தில் நடக்கும் விவாகத்தை அது அரசாங்கப் பதிவோடு இணைத்தது. குருவானவர் ஏட்டில் எழுதி, மணமக்களிடமும் சாட்சிகளிடமும் கையொப்பம் பெற்று, இரண்டாம் படியை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்புகிறார். தேவாலயத்து ஏடு அழிந்தாலும் அந்தப் படி சான்றாகும்.

இஸ்லாமியருக்கு வேறு சட்டம் உண்டு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், நிக்காஹ் முடிந்தவுடன் அதனைப் பதிவு செய்விக்கும் கடமையை மணமகன், வலீ, நிக்காஹை நடத்தியவர் ஆகியோர்மீது வைத்தது. எனினும் பதியாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாததாகிவிடாது என்றும் அச்சட்டமே கூறுகின்றது.

சைவர் நிலை இவ்விரண்டிலும் வேறுபட்டது. குருக்கள் அக்கினி வளர்த்துத் தாலி கட்டுவித்தாலும், அவர் எழுதும் எந்த ஏடும் சட்டத்தின் கண்ணில் விவாகப் பதிவு அன்று. வழக்கு வந்தால், கூறை கொடுத்ததையும் தாலி கட்டியதையும் கண்டவர்கள் வந்து சொல்ல வேண்டும். பதிவேடு மிகச் சிறந்த சான்று என்பதே சட்டம்; அது ஒன்றே சான்று என்பதன்று. ஒருவனும் ஒருத்தியும் கணவன் மனைவியாக வாழ்ந்தது நிரூபிக்கப்பட்டால், எதிரானது தெளிவாக நிறுவப்படும்வரை, அவர்கள் முறைப்படி மணந்தவர்களே என்று கொள்ள வேண்டும் என, இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றின் வழக்கிலே இலண்டன் பிரிவி கவுன்சில் 1881 இல் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எழுத்து எதற்கு? ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். தேசவழமைக்கு உட்பட்ட இருவர் 1950 இல் சைவ முறைப்படி மணந்து ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். 1955 இல் கணவன் தன் உழைப்பினால் ஒரு வயலை வாங்குகிறான். அரசாங்க உத்தியோகத்துக்குச் சான்றிதழ் தேவையென்று 1960 இல் எழுத்து முடிக்கிறார்கள். பின்னர் அவன் மரணசாதனம் எழுதாமல் இறக்கிறான்.

விவாகம் நிலைத்திருக்கையில், தனக்கென வந்த சொத்தின் பணத்தால் அன்றி, விலை கொடுத்து வாங்கிய பொருள் தேடியதேட்டம். அதில் பாதி மனைவிக்குச் சேரும். விவாகம் 1950 இல் என்றால் வயல் தேடியதேட்டம். 1960 இல் என்றால் அது கணவன் மணமாகுமுன் தேடிய பொருள். கணவனின் சகோதரர் நீதிமன்றத்தில் பதிவேட்டையே நீட்டுகிறார். அதிலே திகதி 1960. அதைவிடச் சங்கடமான ஒன்றும் அங்கே இருக்கின்றது. முன்னைய நிலைமை என்ற கூட்டில் இருவரும் "விவாகமாகாதவர்" என்று எழுதப்பட்டிருக்க, கீழே அவர்களுடைய கையொப்பம்! எழுதிய நாளில் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கைம்பெண் வழக்கில் தோற்றேவிடுவாள் என்பதில்லை. தாலி கட்டுவித்த குருக்கள், விருந்துண்ட அயலவர், 1950க்குப் பின் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கு அன்று எழுதிய விடை, இருவரையும் கணவன் மனைவி எனக் கூறும் பழைய உறுதிகள் ஆகிய எல்லாம் அவளுக்குத் துணையாகும். ஆனால் குருக்கள் காலமாகியிருப்பார். அயலவர் ஊர் பெயர்ந்திருப்பார்கள். பத்து வருட வாழ்க்கையை நிரூபிக்கும் பாரம் அவள் தலைமீது விழுகின்றது.

இதனாலேயே எமது பகுதிகளில் பலர் தாலி கட்டும் நாளுக்கு முன்போ, அன்றைக்கே மணவறைக்கு அருகிலோ பதிவாளரை அழைத்து எழுத்தை முடிக்கிறார்கள். அலுவலகத்துக்கு வெளியே எழுதுவதாயின் அதற்குரிய அனுமதியை முன்கூட்டிப் பெற வேண்டும். சுப முகூர்த்தத்தைப் பார்ப்பவர்கள் பதிவேட்டின் திகதியையும், நிலைமைக் கூட்டில் எழுதப்படுவதையும் கையொப்பமிடுமுன் வாசித்துப் பார்க்கட்டும்.