வாழ்த்துக்குக் கீழே வந்த விலைக்கழிவு

பழைய பண்டிகை மலர்களைப் புரட்டும்போது பலரும் கட்டுரைகளையும் கவிதைகளையுமே தேடுவர். நான் முதலில் தேடுவது வர்த்தகர்களின் வாழ்த்து விளம்பரங்களையே. எமது சமூகம் எதை வாங்கியது, எதை வாங்க முடியாதிருந்தது, ஒரு வணிகர் தம் வாடிக்கையாளரோடு எந்தக் குரலில் பேசினார் என்பவற்றையெல்லாம் அந்தச் சிறு கட்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

இலங்கையின் தமிழ்த் தினசரிகளுள் வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தோன்றின. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய மூன்றும் பத்திரிகைகளுக்குச் சிறப்பு மலர்களின் காலம். மலரின் பெரும் பகுதியைத் தாங்கி நின்றவை கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகள், புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், யாழ்ப்பாணத்துப் புடவைக்கடைகள் ஆகியவற்றின் விளம்பரங்கள். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட நாட்களில் விளம்பரத்துக்குக் கட்டணம் கொலம் அங்குலக் கணக்கில் அறவிடப்பட்டது. ஒரு கொலம் அகலமும் இரண்டு அங்குல உயரமும் கொண்ட கட்டத்தினுள் பூரண கும்பமோ பொங்கற் பானையோ பொறித்த ஒரு புளொக், அதன் கீழ் வாழ்த்து ஒரு வரி, அதன் கீழ் கடையின் பெயரும் முகவரியும். அத்துடன் இடம் தீர்ந்துவிடும். விலையைச் சொல்ல இடமும் இருக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தேவை இல்லாமற் போனதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன. துணி உட்படப் பல பொருட்கள் தட்டுப்பாடாகவே கிடைத்தன. பொருள் கிடைக்குமா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில், விலையைக் குறைத்து ஆட்களை அழைக்கும் அவசியம் எந்த வணிகருக்கும் ஏற்படவில்லை. ஆகவே அக்கால வாழ்த்து வெறும் வாழ்த்தாகவே நின்றது. அதன் தூய்மைக்கு வணிகரின் நல்லெண்ணம் ஒரு காரணமென்றால், வெறுமையான அலுமாரிகள் மற்றொரு காரணம்.

1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணிகள் வந்து குவிந்தன. ஒரே வீதியில் ஒரே பொருளை விற்கும் கடைகள் பெருகின. அப்போதுதான் 'விலைக்கழிவு' என்ற சொல் வாழ்த்துக் கட்டத்தினுள் நுழைந்தது. தமிழகத்தார் தள்ளுபடி என்பதை நாம் விலைக்கழிவு என்கிறோம். அந்தச் சொல் நுழைந்த நாளிலிருந்து விளம்பரப் பகுதியில் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. வாழ்த்துவோர் எதையும் எதிர்பார்ப்பதில்லை, விற்போர் எதிர்பார்க்கின்றனர். இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில், ஒரே பெயரின் கீழ், ஒன்றை ஒன்று கெடுக்காமல் எழுதுவது எப்படி?

இதற்கு எமது பஞ்சாங்க மரபிலேயே ஒரு விடை இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கையில் வெளியாகும் பஞ்சாங்கங்கள் வருடம் பிறக்கும் நேரத்தையும் விஷு புண்ணிய காலத்தையும் மட்டும் கூறுவதில்லை. மருத்துநீர் வைக்கும்போது தலையிலும் காலிலும் எந்த இலைகளை வைக்க வேண்டும், கைவிசேஷம் பெறும் சுப நேரம் எது என்பவற்றோடு, அன்று அணிய வேண்டிய ஆடையின் நிறத்தையும் அவை குறிக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு அந்த நிறம் மாறும். ஆகவே பங்குனி பிற்பகுதியில் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி, "இந்த வருஷம் என்ன நிறம்?" என்பதே. புடவைக்கடைக்காரருக்கு இதைவிட இயல்பான வாய்ப்பு வேறில்லை. வாசகர் அறிய விரும்பும் ஒன்றை அவர் சொல்கிறார். அவ்வாறு சொல்வதிலேயே தம் சரக்கையும் சொல்லிவிடுகிறார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரப் பகுதிக்கு வழக்கமாக வந்து சேரும் வகையான வாசகம் இது:

"புத்தாண்டை மகிழ்ச்சியாகக் கொண்டாட இன்றே வாருங்கள்! அனைத்துப் புடவைகளுக்கும் 20 சதவீத விலைக்கழிவு! முந்துங்கள்! இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் இது வாழ்த்தாக ஒலிப்பதில்லை. முதல் வாக்கியம் மகிழ்ச்சியைக் கொள்வனவோடு கட்டிவிடுகிறது. வாங்க வசதியில்லாதவருக்குக் கொண்டாட்டம் இல்லையென்பது அதன் மறைபொருள். 'முந்துங்கள்' என்ற சொல், வாழ்த்துவோர் ஒருவர் வாயிலிருந்து வரத் தகாத அவசரம். இறுதியில் ஒட்டப்பட்ட வாழ்த்து, கடிதத்தின் அடியில் இடும் ஒப்பத்தைப் போல வெறும் சம்பிரதாயமாகிவிடுகிறது.

அதையே இவ்வாறு மாற்றலாம்:

"மருத்துநீர் வைத்து, புத்தாடை அணிந்து, மூத்தோர் கையால் கைவிசேஷம் பெறவிருக்கும் அனைவருக்கும் எமது சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.

இவ்வாண்டுக்குப் பஞ்சாங்கம் கூறும் ஆடை: வெள்ளைப் பட்டாடை அல்லது சிவப்புக் கரையிட்ட ஆடை. இவ்வகை ஆடைகளுக்கு ஏப்ரல் 12 மாலை வரை 10 சதவீத விலைக்கழிவு உண்டு.

ஏப்ரல் 13, 14, 15 ஆகிய தினங்களில் கடை மூடப்பட்டிருக்கும். எமது ஊழியர்களும் தத்தம் வீடுகளில் புத்தாண்டைக் கொண்டாடுவர்."

வாழ்த்து முதலில் வருகிறது. அது தன்னளவில் நிறைவாகவும் இருக்கிறது. அடுத்து வருவது பயனுள்ள செய்தி. விலைக்கழிவு அச்செய்தியின் தொடர்ச்சியாக, கூச்சலின்றி, முடிவுத் திகதியோடு வருகிறது. இறுதி வரி எதையும் விற்பதில்லை; எனினும் கடைக்குள்ளும் பண்டிகை கொண்டாடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அது நினைவூட்டுகிறது. திகதி தெளிவாக இருப்பதால் 'முந்துங்கள்' என்று விரட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இத்தகைய வாசகங்களைச் சோதிக்க நான் கையாண்ட முறை மிக எளிது. விலைக்கழிவு வரியை விரலால் மறைத்துவிட்டு எஞ்சியதை வாசிப்பேன். அது முழு வாழ்த்தாக நின்றால் வாசகம் சரி. வாக்கியம் அந்தரத்தில் தொங்கினால், அங்கே வாழ்த்து உண்மையில் எழுதப்படவேயில்லை என்று பொருள். அச்சிலும் இதே ஒழுங்கு பேணப்பட்டது. வாழ்த்தைப் பெரிய எழுத்திலும், ஒரு மெல்லிய கோட்டின் கீழ் விலைக்கழிவைச் சிறிய எழுத்திலும் கோப்பார்கள்.

பஞ்சாங்க நிறத்தைச் சொல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. எம்மிடையே வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வழக்கிலுள்ளன. வருடப்பிறப்பு நேரம் இரண்டிலும் வேறுபடுவதுண்டு. ஆடை நிறமும் சில ஆண்டுகளில் வேறுபடும். தம்மிடம் தேங்கிக் கிடக்கும் நிறம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறதோ அதை மட்டும் அச்சிட ஒரு வணிகருக்கு ஆசை எழுவது இயல்பே. ஆனால் மற்றப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் குடும்பம் வீட்டுக்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அந்த வாழ்த்தின் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே நேர்மை. புலம்பெயர் நாடுகளிலுள்ள கடைகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். கொழும்புக்குக் கணித்த நேரத்தை ரொறன்ரோவில் அப்படியே போட்டால் நாளே மாறிவிடக்கூடும்.

விலைக்கழிவின் நேர்மை வேறொரு விடயம். பண்டிகைக்கு முன் விலையை ஏற்றிவிட்டுப் பின்னர் அதே அளவு குறைப்பது பழைய தந்திரம். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே வாடிக்கையாளர் அதைக் கண்டுகொள்வார். வாழ்த்தோடு சேர்ந்து வந்த ஏமாற்று சாதாரண ஏமாற்றை விட நெடுநாள் நினைவில் நிற்கும்.

விலைக்கழிவை அறவே எழுதக்கூடாத காலமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் எமது கரையோரங்களை அழித்தது. பத்தொன்பது நாட்களின் பின் 2005 ஜனவரி 14 இல் தைப்பொங்கல் வந்தது. ஆண்டுதோறும் பொங்கல் விளம்பரங்கள் "மங்கலம் பொங்கட்டும்", "இன்பம் பொங்கட்டும்" என்ற வினைச்சொல்லை நம்பியே எழுதப்பட்டு வந்தன. ஆனால் அந்த மார்கழியில் உயிர் தப்பியவர்கள் சொன்ன வாக்கியம், "கடல் பொங்கி வந்தது" என்பது. ஒரே வினைச்சொல் பத்தொன்பது நாட்களில் வேறொன்றாகிவிட்டது. முன்கூட்டியே எழுதித் தந்திருந்த ஒரு வணிகர் தம் வாசகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். விலைக்கழிவு வரியை வெட்டினார். 'பொங்கட்டும்' என்பதையும் வெட்டினார். "உறவுகளை இழந்த அனைவரோடும் இத்தைத்திருநாளில் துணை நிற்கிறோம்" என்ற ஒரு வரியும் கடையின் பெயருமே எஞ்சின. தாம் நிவாரணத்துக்குக் கொடுத்ததைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கூறியபோது, அதுவும் விளம்பரந்தானே என்று அவர் மறுத்துவிட்டார்.

இன்று இந்த வாசகங்கள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படத்தின் கீழ் வருகின்றன. கொலம் அங்குலக் கட்டணம் இல்லை. ஆனால் நீண்ட வாசகத்தின் முதல் சில வரிகள் மட்டுமே திரையில் தெரிகின்றன, மீதியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இதனால் விலைக்கழிவை மேலே ஏற்றும் ஆசை பலருக்கு எழுகிறது. அதற்குத் தீர்வு இரண்டாகப் பிரிப்பதே. பண்டிகைக்குப் பத்து நாட்கள் முன்பு, மக்கள் வாங்கப் புறப்படும் வேளையில், விலைக்கழிவைத் தாங்கிய வாழ்த்து ஒன்று. பண்டிகை நாளன்று வாழ்த்து மட்டும். அன்று கடை மூடியிருக்கும். விற்பனைக்கு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் வந்து சேரும் வாழ்த்தையே வாடிக்கையாளர் வாழ்த்தென்று ஏற்பார்.