தள்ளுபடிக் கடன் பத்திரத்தின் வட்டிச் செலவு: சமபங்கா, பயனுறு வட்டியா?

மதராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் 1966 டிசம்பரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கான கடன் பத்திரங்களை நூற்றுக்கு 98 என்ற விலையில் வெளியிட்டது. மூன்று லட்ச ரூபாய்த் தள்ளுபடியை 12 ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, முதல் ஆறு மாதத்துக்கு 12,500 ரூபாயைச் செலவாக எழுதியது. வருமான வரி அதிகாரி அதை ஏற்கவில்லை. தள்ளுபடியும் கடன் வாங்கிய செலவுதான், அதைப் பத்திரக் காலம் முழுவதற்கும் பரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. பரப்ப வேண்டும் என்பது சரி. சமபங்காகப் பரப்புவது சரிதானா என்பதே இங்குள்ள கேள்வி.

ஆரணியில் பட்டுச் சேலை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி, சேலை நெய்து விற்றுக் காசாகும்வரை முதல் முடங்கிக் கிடக்கும். அதற்காக நிறுவனம் மூன்றாண்டுக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. முகமதிப்பு 10,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 8 சதவீதம். சந்தை கேட்பதோ 10 சதவீதம். அந்த விகிதத்தில் வருங்காலத் தொகைகளின் இன்றைய மதிப்பு 9,50,263 ரூபாய். கைக்கு வருவது அவ்வளவுதான், தள்ளுபடி 49,737.

| ஆண்டு | தொடக்கக் கடன் | வட்டிச் செலவு (10%) | கொடுத்த வட்டி | தள்ளுபடிக் கழிவு | இறுதிக் கடன் |
|---|---|---|---|---|---|
| 1 | 9,50,263 | 95,026 | 80,000 | 15,026 | 9,65,289 |
| 2 | 9,65,289 | 96,529 | 80,000 | 16,529 | 9,81,818 |
| 3 | 9,81,818 | 98,182 | 80,000 | 18,182 | 10,00,000 |

கொடுக்காமல் விட்ட வட்டி கடனில் சேருகிறது. அடுத்த ஆண்டு அதற்கும் வட்டி ஏறுகிறது. கடைசி வரி முகமதிப்பில் முடியாவிட்டால் விகிதத்திலோ கூட்டலிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

சமபங்கு முறையில் ஆண்டுக்கு 16,579 ரூபாய் கழியும். வட்டிச் செலவு மூன்றாண்டும் 96,579. தொடக்கக் கடனோடு ஒப்பிட்டால் இது முதலாண்டில் 10.16 சதவீதம், மூன்றாமாண்டில் 9.82 சதவீதம். ஒரே ஒப்பந்தத்தில் வாங்கிய கடன் ஆண்டுக்கு ஆண்டு மலிவாவதுபோல் கணக்கு காட்டுகிறது. அது உண்மையல்ல.

இங்கே முதலாண்டு வேறுபாடு 1,553 ரூபாய்தான். இரண்டு சதவீதத் தள்ளுபடியில் இன்னும் குறையும். ஆனால் ஐடிபிஐ 1992இல் வெளியிட்ட பெருந்தள்ளுபடிப் பத்திரத்தைப் பாருங்கள். விலை 2,700 ரூபாய்; 25 ஆண்டு கழித்து ஒரு லட்சம். பயனுறு விகிதம் ஏறத்தாழ 15.5 சதவீதம் என்பதால் முதலாண்டு வட்டி சுமார் 420 ரூபாய். சமபங்கில் பிரித்தாலோ 3,892 ரூபாய். வாங்கிய கடனைவிட ஓராண்டு வட்டி அதிகம். முறையின் குறை இங்கே மறைக்க முடியாதபடி வெளிப்படுகிறது.

இந்தியக் கணக்கியல் தரம் 109, தனக்கு உட்பட்ட நிறுவனங்களுக்குப் பயனுறு வட்டி முறையை விதிக்கிறது. வெளியீட்டுச் செலவையும் விகிதத்துக்குள் அடக்குகிறது. அத்தரத்துக்கு உட்படாத சிறு நிறுவனங்களும், தள்ளுபடி சிறிதாக இல்லாதபோது, இதையே கைக்கொள்ள வேண்டும். தள்ளுபடி கடனின் விலை என்று ஒப்புக்கொண்டபின், எந்த ஆண்டில் எவ்வளவு கடன் நிலுவையில் இருந்ததோ அதற்கேற்பவே அந்த விலையைப் பங்கிட முடியும்.