தோல்விக்கென ஒதுக்கிய இடங்கள்

'தகுதி' என்ற சொல்லை நம்மை நோக்கி வீசுகிறவர்கள் எப்போதும் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை நாம் கேட்டதே இல்லை. விடைத்தாளில் ஆசிரியர் போடும் எண் ஒன்று. அந்த எண்ணுக்கு 'தேர்ச்சி', 'ஏ', 'பி' என்று பெயர் வைப்பது வேறொரு வேலை. அரசியல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நடக்கிறது.

பெயர் வைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், இவ்வளவு தெரிந்திருந்தால் தேர்ச்சி என்று அளவை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். ஓட்டுநர் உரிமத் தேர்வு அப்படித்தான். எட்டு போட்டுக் காட்டினால் உரிமம்; அன்றைக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்பது கணக்கில் வராது. இதை அளவுகோல் மதிப்பீடு என்போம். இரண்டாவது வழியில், எழுதியவர்களை மேலிருந்து கீழாக வரிசையில் நிறுத்தி, முதல் இத்தனை சதவீதத்துக்கு இந்தத் தரம், கடைசி இத்தனை சதவீதத்துக்குத் தோல்வி என்று வெட்டுவார்கள். இதை ஒப்பீட்டு மதிப்பீடு என்போம். இதில் உனக்கு என்ன தெரியும் என்பதைவிட, உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

இரண்டாவது வழி ஒரு நாட்டின் பொதுத்தேர்வை எப்படி ஆண்டது என்பதை இங்கிலாந்தின் ஏ-லெவல் தேர்வில் தெளிவாகப் பார்க்கலாம். அது நம் பிளஸ் டூவுக்கு இணையானது. 1963இல் அங்கே தரங்களுக்கு ஒரு பங்கீட்டை வகுத்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு ஏ, 15க்கு பி, 10க்கு சி, 15க்கு டி, 20க்கு ஈ. அடுத்த 20 சதவீதத்துக்கு ஒரு படி கீழான ஓ-லெவல் தேர்ச்சி மட்டும். மீதி 10 சதவீதம் முழுத் தோல்வி. அதாவது, எழுதுகிறவர்களில் 30 சதவீதம் பேர் ஏ-லெவல் தேர்ச்சி பெறப்போவதில்லை என்பது கேள்வித்தாள் அச்சாகும் முன்பே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் முந்தைய ஆண்டைவிட நன்றாகப் படித்திருந்தாலும் அந்த 30 அப்படியேதான் இருக்கும். இடஒதுக்கீட்டை எதிர்க்கிறவர்கள் யாரும் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இதில் இன்னொரு கோணலும் இருந்தது. நடுவிலுள்ள சி தரத்துக்கு 10 சதவீதம்தான். ஆனால் எந்தத் தேர்விலும் மாணவர்கள் நெருக்கியடித்து நிற்பது நடுவில்தான். அந்த நெரிசலில் 10 சதவீதம் பேரைப் பிடிக்க ஐந்தாறு மதிப்பெண் அகலம் போதும். உதாரணத்துக்கு, 50 முதல் 55 வரை சி என்று வையுங்கள். 56 எடுத்தவர் பி, 49 எடுத்தவர் டி. இருவருக்கும் இடையே வெறும் ஏழு மதிப்பெண். இரண்டு கட்டுரை விடைகளை ஒரு திருத்துநர் கொஞ்சம் கறாராகப் பார்த்தாலே அந்த ஏழு போய்விடும். பல்கலைக்கழக இடம் அந்த இரண்டு தரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

1987இல் அந்தப் பங்கீட்டைக் கைவிட்டார்கள். முக்கியமான எல்லைகளைத் தேர்வாளர்கள் விடைத்தாள்களைப் பார்த்து முடிவு செய்வது, இடைப்பட்ட மதிப்பெண்களைச் சம அகலத்தில் பிரித்து மற்றத் தரங்களை வைப்பது என்று முறை மாறியது. அதன்பிறகு ஏ பெறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள். 2010இல் ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற விடைத்தாள்கள் 27 சதவீதம். உடனே 'தரம் வீழ்ந்துவிட்டது' என்ற கூச்சல் எழுந்தது. நமக்குப் பழகிய கூச்சல்தான்.

அந்தக் கூச்சலில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அளவுகோல் தானாக நிற்பதில்லை. இந்த ஆண்டு கேள்வித்தாள் கடினம், அடுத்த ஆண்டு எளிது என்றால், இரண்டிலும் 35தான் தேர்ச்சி என்பது ஒரே அளவல்ல. சரி, 'இன்ன திறன் இருந்தால் இன்ன தரம்' என்று எழுத்தில் வைத்துவிடலாமே என்று 1980களில், பத்தாம் வகுப்புக்கு இணையான ஜி.சி.எஸ்.இ தேர்வுக்காக அங்கே முயன்றார்கள். எழுத எழுதப் பட்டியல் நீண்டு, யாராலும் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிக்கலாகி, திட்டத்தையே கைவிட்டார்கள். ஆகவே எந்த வாரியமும் ஓரளவுக்கு ஒப்பீட்டைத் தொடாமல் இருக்க முடியாது. கேள்வி, யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதுதான்.

2020இல் அது வெட்டவெளிச்சமானது. கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களுக்கு ஒரு தரத்தையும், முதலிடம் முதல் கடைசி இடம் வரை ஒரு வரிசையையும் அனுப்பியது. தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவல் ஒரு கணிப்பு முறையை வைத்திருந்தது. அந்தப் பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடத்தில் வாங்கிய தரங்களை எடுத்து, இந்த ஆண்டு மாணவர்களின் பழைய தேர்வு முடிவுகளைக்கொண்டு கொஞ்சம் சரிசெய்து, அந்த அச்சை இந்த ஆண்டு வரிசையின் மேல் வைத்து அழுத்தியது.

முப்பது பேர் படிக்கும் ஓர் ஏழைப் பகுதிப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாக அங்கே யாரும் ஏ வாங்கவில்லை. ஆண்டுக்கு ஒருவர் தோற்றார். இந்த ஆண்டு ஆசிரியர் ஒரு மாணவிக்கு ஏ போடுகிறார், எல்லோரும் தேர்ச்சி என்கிறார். அச்சில் ஏ இல்லை என்பதால் அவள் பி ஆவாள். அச்சில் ஒரு தோல்வி இருப்பதால் வரிசையின் கடைசிப் பிள்ளை, எந்தத் தேர்வும் எழுதாமலே, தோற்பான். ஐந்து பேருக்கு மேற்பட்ட வகுப்புகளிலேயே புள்ளிவிவரம் செல்லும் என்று சொல்லி, அதைவிடச் சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியர் போட்ட தரத்தை அப்படியே விட்டார்கள். அப்படிப்பட்ட சின்ன வகுப்புகள் யாரிடம் அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிடம்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. ஆசிரியர் போட்ட தரங்களில் ஏறத்தாழ 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. ஏ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களின் பங்கு முந்தைய ஆண்டைவிட தனியார் பள்ளிகளில் 4.7 புள்ளி கூடியது. அரசின் பொதுப் பள்ளிகளில் 2 புள்ளி. ஸ்காட்லாந்திலும் இதே கதை: ஹையர் தேர்வில் ஆசிரியர்கள் மதிப்பிட்ட தேர்ச்சி விகிதத்தை மிக வறிய பகுதிகளில் 15.2 புள்ளி வெட்டினார்கள், மிக வசதியான பகுதிகளில் 6.9. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஸ்காட்லாந்து ஆகஸ்ட் 11இலும் இங்கிலாந்து 17இலும் பின்வாங்கி, ஆசிரியர் போட்ட தரத்தையே கொடுத்தன.

ஒரு மனிதரை அவருடைய செயலால் அல்லாமல், அவர் வந்த இடத்தின் பழைய கணக்கால் அளப்பது நமக்குப் புதிதா, தோழர்களே?

அடுத்த ஆண்டு அது இங்கும் வந்தது. 2021இல் சி.பி.எஸ்.இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண்களை 30:30:40 என்று கூட்டியது. அத்தோடு நிற்கவில்லை. பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் சிறப்பாகச் செய்த ஓர் ஆண்டை ஆதாரமாக வைத்து, பாடவாரியான சராசரி அதிலிருந்து ஐந்து மதிப்பெண்ணுக்குமேல் விலகக் கூடாது என்றது. பள்ளிகள் மதிப்பெண்ணை அள்ளி வீசும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த வேலி, ஏற்கெனவே 90 சராசரி வைத்திருந்த பள்ளியையும் 60 வைத்திருந்த பள்ளியையும் அவரவர் இடத்திலேயே கட்டிப்போட்டது.

தமிழ்நாட்டு வாரியம் பள்ளியின் பழைய கணக்கைத் தொடவில்லை. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று மாணவரின் சொந்த எண்களை மட்டும் எடுத்தது. இது மேலானது என்றே நாம் கருதுகிறோம். இருந்தும் பாதி எடை பத்தாம் வகுப்பில் கிடந்தது. வீட்டில் முதல் முறையாகப் பத்தாவது எழுதியவர், தட்டுத்தடுமாறி நுழைந்து, பிளஸ் டூவில்தான் பிடிபட்டு எழுந்தவர் என்றால், அவர் எழுந்ததைக் காட்ட அந்தக் கணக்கில் இடம் குறைவு.