சம்யோஜனம்

பாலி மொழிச் சொல். ‘சம்’ என்றால் ஒன்றாக. ‘யுஜ்’ என்றால் பூட்டுதல். யோகம் என்ற சொல்லுக்கும் இதுவே வேர். பிறவியோடு மனிதரைப் பூட்டிவைக்கும் தளை என்பது பௌத்தம் தரும் பொருள். தளைகள் பத்து, அவை கழலும் அளவைக் கொண்டே விழிப்பின் நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன.

முதல் நிலையினர் சோதாபன்னர், அதாவது ஓடையில் இறங்கியவர். ‘நான்’ என நிலையான ஒன்று உண்டு என்ற கருத்து, ஐயம், சடங்கே விடுவிக்கும் என்ற பிடிப்பு ஆகிய மூன்றும் இவருக்கு அறுகின்றன. இனி அதிகம் போனால் ஏழு பிறவி. இரண்டாம் நிலையான சகதாகாமியில் புதிதாக எதுவும் அறுவதில்லை. காமமும் பகைமையும் மெலிகின்றன, அவ்வளவே. அவை முற்றும் அறுந்தவர் அனாகாமி, இவ்வுலகுக்குத் திரும்பாதவர். உருவ, அருவ உலகப் பற்று, ‘மானம்’, மனக்கிளர்ச்சி, அறியாமை ஆகிய எஞ்சிய ஐந்தும் அருகந்தருக்கே அறுகின்றன.

இங்கே மானம் தன்மானமன்று. ‘நான் இருக்கிறேன்’ என்ற நினைப்பு. அது முதல் நிலையிலேயே போய்விடாதா? சங்யுத்த நிகாயத்தில் வரும் கேமகர் என்ற துறவியின் கதை விடை தருகிறது. கோசாம்பிக்கு அருகே நோயுற்றுக் கிடந்த அவர், உடலையோ உணர்வையோ நான் எனக் கருதவில்லை என்றார். ஆனாலும் ‘நான்’ என்ற உணர்வு போகவில்லை என்றார். துவைத்த துணியில் உவர்மண் வாடை தங்குவதுபோல அது எஞ்சுமாம். கருத்து முதலில் அறும், உணர்வு கடைசியில். இதை விளக்கிக்கொண்டிருக்கையிலேயே கேமகரும், கேட்டிருந்த 60 துறவிகளும் விடுதலை பெற்றதாக அந்தச் சூத்திரம் முடிகிறது.