கண்காணிப்புக் கேமரா பதிவு: மீட்கக்கூடியதும் கூடாததும்

352×288 பிக்சல் பதிவில் தொலைவில் செல்லும் காரின் எண் பலகை 20 பிக்சல் அகலமே இருக்கலாம். பத்து எழுத்துகள் என்றால் எழுத்துக்கு இரண்டு பிக்சல். அதில் 8, B, 3 ஆகியவற்றைப் பிரித்தறிய இயலாது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் நுண்விவரங்களே முதலில் நீக்கப்படுகின்றன. நீக்கியதைப் பெரிதாக்கி மீட்க முடியாது.

கார் மெல்ல நகர்ந்தால், பல சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்து இரைச்சலைக் குறைக்கலாம். சில எழுத்துகள் தெளியலாம். ஆனால் முந்தைய சட்டத்தின் கட்டத்தையே கேமரா நகலெடுத்திருந்தால் புதுத் தகவல் கிடைக்காது. வண்டியின் வகை, சென்ற திசை, நேரம் ஆகியவை பெரும்பாலும் தேறும். செயற்கை நுண்ணறிவு கூர்மையாக்கிய எழுத்தோ முகமோ ஊகமே, சான்றாகாது. அசல் கோப்பையே ஆய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் பெரும்பாலும் மேலும் சுருங்கியிருக்கும்.