காகிதத்துக்குள் அடங்கிய கணக்கு: பிரிண்ட் ஏரியா பிறந்த கதை

1978-ஆம் ஆண்டு வசந்த காலம். அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் பெரிய அட்டவணை ஒன்றைப் போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் எண் தப்பாகிவிட்டது. அதை அழித்துத் திருத்தியதும் அதை நம்பியிருந்த அடுத்தடுத்த எண்களையும் வரிசையாக அழித்து எழுத வேண்டியதாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்ற மாணவருக்கு ஒரு யோசனை தட்டியது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறிக்கொள்ளும் மின்னணுக் கரும்பலகை ஒன்று இருந்தால்? யோசனை அருமைதான். ஆனால் அந்தப் பலகையில் ‘இந்த எண்’ என்று எதை வைத்துச் சுட்டுவது?

மவுஸால் சுட்டலாம் என்பதுதான் அவருடைய முதல் கனவு. கையில் கிடைத்ததோ இரவல் வாங்கிய ஓர் ஆப்பிள் II கணினி. அதற்கு மவுஸ் கிடையாது. விளையாட்டுக்கான கேம் பேடிலைத் திருகிப் பார்த்தார். அது மந்தமாக நகர்ந்தது. கடைசியில் அம்புக்குறி விசைகளோடு சமாதானமாகி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடத்தில் ஊரைத் தேடுவதற்கு இருப்பதுபோல் ஒரு முகவரி கொடுத்தார். நெடுவரிசைக்கு எழுத்து, வரிசைக்கு எண்: A1, B7, H30. வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு அது. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது அட்டவணையைக் காகிதத்தில் இறக்கப் போனபோதுதான் தெரிந்தது.

பிரிக்ளினும் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் விற்பனைக்கு வந்தது. அதன் விரிதாளில் 63 நெடுவரிசைகள், 254 வரிசைகள். ஒரு நெடுவரிசைக்கு வழக்கமான அகலம் 9 எழுத்து. அப்படியானால் முழுத்தாளின் அகலம் 567 எழுத்து. அன்றைய சாதாரண பிரிண்டர் ஒரு வரியில் அடித்ததோ 80 எழுத்து. முழுவதையும் அடிக்க முடியாது. பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும் என்பதால் அடிக்கவும் தேவையில்லை. எந்தப் பகுதி தேவை என்று கணினிக்குத் தெரியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

இங்கேதான் முகவரி கைகொடுத்தது. ஒரு செவ்வகத்தைக் குறிக்க இரண்டு மூலைகள் போதும். விசிகால்க் அதிலும் சிக்கனம் பிடித்தது. கர்சர் நிற்கும் கட்டமே மேல் இடது மூலை என்று வைத்துக்கொண்டு, கீழ் வலது மூலையை மட்டும் கேட்டது. கர்சரை A1-இல் நிறுத்தி, இப்படித் தட்டினால் A1 முதல் H30 வரை அச்சாகும்:

```
/PP
H30
```

எட்டு நெடுவரிசை, 72 எழுத்து. 80-க்குள் அழகாக அடங்கியது. ஆனால் கர்சர் தவறிப்போய் A3-இல் நின்றிருந்தால் தலைப்பு இருந்த முதல் இரண்டு வரிசைகளும் காகிதத்துக்கு வராது. H-க்குப் பதில் K என்று அடித்துவிட்டால் வரி 99 எழுத்தாக நீண்டு, மிஞ்சியது அடுத்த வரியில் வழிந்து, எந்த எண் எந்த மாதத்துக்கு என்றே புரியாமல் போகும். போதாக்குறைக்கு, அச்சிடும் ஒவ்வொரு முறையும் மூலையை மறுபடி கேட்டது. மாதாமாதம் ஒரே அறிக்கையை எடுப்பவர்களுக்கு இது தலைவலி. மருந்தோடு வந்தவர் விசிகால்க்குக்கு நெருக்கமான வட்டத்திலிருந்தே வந்தார்.

விசிகால்க்கோடு சேர்ந்து வேலை செய்யும் வரைபட மென்பொருளை எழுதிய மிட்ச் கேப்போர், அதை விற்ற பணத்தோடு தனியே கிளம்பினார். ஜோனதன் சாக்ஸ் நிரலெழுத, 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வெளிவந்தது. அதில் அச்சிடும் பகுதிக்கு `Range` என்று தனிக் கட்டளை. `/PPR` என்று தட்டி `A1..H30` என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், கோப்பைச் சேமிக்கும்போது அந்த எல்லையும் கூடவே சேமிக்கப்பட்டது. அடுத்த மாதம் திறந்தாலும் அது அப்படியே காத்திருக்கும். இன்றைய பிரிண்ட் ஏரியாவின் குணம் இங்கேயே வந்துவிட்டது என்பேன். ஆனால் எல்லை நினைவில் நின்றால் போதுமா? காகிதத்தின் அகலம் கூடவில்லையே!

ஒரு சாதாரண பட்ஜெட்டை வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். செலவின் பெயருக்கு 14 எழுத்து, பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா 9, ஆண்டு மொத்தத்துக்கு 10. கூட்டினால் 132. லோட்டஸ் இடது ஓரத்தை 4-லும் வலது ஓரத்தை 76-லும் வைத்திருந்தது. நடுவில் 72 எழுத்துக்குத்தான் இடம். முதல் தாளில் பெயரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலும் வந்தன. ஜூலை முதல் டிசம்பர் வரையும் மொத்தமும் இன்னொரு தாளுக்குப் போயின. அந்தத் தாளில் செலவின் பெயர்கள் கிடையாது. வாடகை எது, மின்கட்டணம் எது என்று பார்க்க இரண்டு தாளையும் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் தப்பிக்க ஒரு ரகசிய எண் இருந்தது.

எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கு 15 என்ற குறியீட்டை அனுப்பினால் எழுத்துகளை நெருக்கி, ஒரு வரியில் 132 எழுத்து அடிக்கும். லோட்டஸில் `Setup` என்ற இடத்தில் `\015` என்று எழுதி, இடது ஓரத்தை 0 என்றும் வலது ஓரத்தை 132 என்றும் மாற்றினால், அந்தப் பட்ஜெட் ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் ஒரே தாளில் வந்து உட்கார்ந்தது. இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே நடக்க வேண்டும். குறியீட்டைக் கொடுத்து ஓரத்தை மறந்தால், பொடி எழுத்தில் பழையபடி ஜூனோடு நின்றுவிடும். ஓரத்தை மாற்றிக் குறியீட்டை மறந்தால் வரி வழியும். சரி, அட்டவணை 132-ஐயும் தாண்டினால்?

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பால் ஃபங்க் என்பவர் இதற்கு எதிர்பாராத ஒரு வழி கண்டுபிடித்தார். அகலத்துக்குத்தான் எல்லை, தொடர்காகிதத்தின் நீளத்துக்கு எல்லையே இல்லையே! அவர் எழுதிய சைட்வேஸ் என்ற மென்பொருள் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிப்படமாக வரைந்து, 90 பாகை திருப்பி அடித்தது. பிரிண்டர் எழுத்து அடிப்பதாக நினைக்கவில்லை. ஏதோ படம் வரைவதாகவே அதற்குக் கணக்கு. மாதங்கள் காகிதத்தின் நீளவாக்கில் ஓடின. வேகம் குறைவு, சத்தம் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டுக் கணக்கும் ஒட்டுப் போடாமல் ஒரே நீளத் துண்டாக வந்தது. எழுத்தைப் படமாக நினைத்தால் திருப்பலாம் என்றால், சுருக்கவும் முடியுமே?

முடியும். ஆனால் அதற்கேற்ற பிரிண்டர் வேண்டும். 1984-இல் ஹெச்பி லேசர்ஜெட்டும், 1985-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி தெரிந்த ஆப்பிள் லேசர்ரைட்டரும் வந்தன. போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் எழுத்து என்பது ஒரு வடிவம்; எந்த அளவிலும் வரையலாம். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த ட்ரூடைப் எழுத்துருக்கள் அந்த வசதியைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தன. சாதா எழுத்து, நெருக்கிய எழுத்து என்ற சில படிகளோடு நின்ற காலம் முடிந்து, 87 சதவீதம், 63 சதவீதம் என்று விரும்பிய அளவுக்குச் சுருக்க முடிந்தது. இனி ஒருவர் எல்லையைச் சொன்னால் போதும். எத்தனை சதவீதம் என்பதைக் கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த எல்லையை எங்கே எழுதி வைப்பது என்பதில் எக்செல் ஒரு விசித்திரமான முடிவெடுத்தது.

1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த எக்செல், பிறகு விண்டோஸுக்கும் வந்தது. அதில் பயனர் ஒரு பகுதிக்குத் தன் இஷ்டம்போல் பெயர் வைத்துக்கொள்ளலாம். அச்சிடும் எல்லையையும் எக்செல் அப்படி ஒரு பெயராகவே வைத்துக்கொண்டது: `Print_Area`. இன்று `Page Layout` பகுதியில் `Print Area` பொத்தானை அழுத்தி `Set Print Area` கொடுக்கும்போது நடப்பது இவ்வளவுதான். தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கு அந்தத் தாளின் அளவில் ஒரு பெயர் சூட்டப்படுகிறது. `Name Manager` என்ற சாளரத்தில் அது எல்லோர் கண்ணிலும் படும்படியே இருக்கிறது. கோப்பின் உள்ளே பார்த்தால் இப்படி ஒரு வரி:

```
<definedName name="_xlnm.Print_Area" localSheetId="0">Sheet1!$A$1:$N$42</definedName>
```

பெயர் என்பதால் அதற்கு ஒரு குணம் உண்டு, ஒரு குறையும் உண்டு. 20-ஆவது வரிசைக்கு மேல் புதிய வரிசை ஒன்றை நுழைத்தால் எல்லை தானாக 43 வரை விரியும். 42-க்குக் கீழே, 43-ஆவது வரிசையில் புதிய செலவு ஒன்றை எழுதினால் எல்லை அசையாது. திரையில் அந்த வரி இருக்கும், காகிதத்தில் இருக்காது, எச்சரிக்கையும் வராது. ‘போன மாதம் வந்தது, இந்த மாதம் கடைசி வரியைக் காணோம்’ என்று புலம்பும் கணக்காளர்களில் பலரை ஆட்டிவைத்தது இந்த ஒரு குறைதான். கடைசிச் செலவுக்கும் மொத்தத்துக்கும் நடுவில் வரிசையை நுழைப்பதே பாதுகாப்பு.

எல்லையோடு சேர்ந்து வந்த இன்னொரு பாதி, `Fit to` என்ற ஏற்பாடு. அகலம் ஒரு பக்கம், உயரம் ஒரு பக்கம் என்று சொன்னால் எல்லைக்குள் இருப்பதை எக்செல் ஒரே தாளில் சுருக்கித் தரும். கையால் போட்டு வைத்த பக்க முறிவுகளை அப்போது அது கண்டுகொள்ளாது. அது சுருக்குமே தவிர, சிறிய அட்டவணையைப் பெரிதாக்காது. சுருக்கத்துக்கு அடிமட்டம் 10 சதவீதம். நிரலில் இதைச் செய்தவர்களுக்கு ஒரு கூடுதல் பாடமும் காத்திருந்தது:

```
With ActiveSheet.PageSetup
  .PrintArea = "$A$1:$N$42"
  .Zoom = False
  .FitToPagesWide = 1
  .FitToPagesTall = 1
End With
```

மூன்றாவது வரியை விட்டுவிட்டால் பழைய சதவீதமே ஆட்சி செய்யும். கீழே உள்ள இரண்டு வரிகளும் செல்லாது. பிழைச் செய்தியும் வராது என்பதால், காகிதம் வெளியே வந்த பிறகே விஷயம் தெரியும்.

ஒரே பக்கம் என்ற ஆசையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. 11 புள்ளி எழுத்து 60 சதவீதத்தில் 6.6 புள்ளி ஆகிறது. அதற்குக் கீழே போனால் பட்ஜெட்டைப் படிக்க லென்ஸ் தேடவேண்டும். 42 வரிசை பட்ஜெட்டுக்கு ஒரே பக்கம் பொருந்தும். 400 வரிசை உள்ள பேரேட்டை அப்படி அமுக்கினால் காகிதம் மிச்சமாகும், கணக்கு படிக்கக் கிடைக்காது. அப்படிப்பட்ட தாளுக்கு அகலத்தை மட்டும் ஒரு பக்கமாக நிறுத்தி, உயரத்தை `Automatic` என்று விட்டு, தலைப்பு வரிசையை `Print Titles`-இல் கொடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் வரவைப்பதே சரியான முறை.